அம்மாவின் பெயரை விட்டுவிடச் சொன்ன வருவாய்த்துறை அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வட்டாட்சியர் அவர்களுக்கும், வாரிசுச் சான்று மனுக்களை விசாரிக்கும் வருவாய் ஆய்வாளர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள் அனைவருக்கும்,

என் அம்மா கொடுத்த வாரிசுச் சான்று மனுவை ஒரே வரியில் திருப்பியிருக்கிறீர்கள். "திருமணப் பதிவுச் சான்று இணைக்கப்படாததால் நிராகரிக்கப்படுகிறது." நாற்பது ஆண்டுகள் ஒருவரோடு வாழ்ந்து, கடைசி நான்கு மாதங்கள் அவரைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டி, அவர் கண்ணை மூடிய பிறகு வளையலைக் கழற்றிய ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு வரிதான் பதில்.

அந்த வரியைவிட என்னை அதிகம் வருத்தியது, அதற்கு முன்னால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த யோசனை. "மகன், மகள் பெயரை மட்டும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா பெயரை விட்டுவிட்டால் சிக்கல் இல்லை." அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நானும் தம்பியும் அப்பாவின் பிள்ளைகள் என்பதை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். எங்கள் பிறப்புச் சான்றில் தாய் என்று எழுதியிருக்கும் பெண்ணை மட்டும் அவருக்கு மனைவி என்று ஏற்க உங்களுக்கு ஒரு காகிதம் வேண்டியிருந்தது.

அந்த யோசனையை உதவி என்று நினைத்தே சொல்லியிருப்பீர்கள். ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் விதவை மனைவி முதல் வகுப்பு வாரிசு. பிள்ளைகளுக்கு எவ்வளவு பங்கோ அதே பங்கு அவருக்கும் உண்டு. அவர் பெயரில்லாத வாரிசுச் சான்று அரசு முத்திரையோடு வெளிவரும் பொய். அப்படியொரு சான்றைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை பிள்ளைகள் தாயை வீட்டைவிட்டு வெளியேற்றியிருப்பார்கள் என்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

நீங்கள் கேட்கும் காகிதம் எங்களிடம் இல்லை. இனி அது வரவும் வழியில்லை. என் பெற்றோரின் திருமணம் 1984ஆம் ஆண்டு ஆவணி மாதம் எங்கள் ஊர் முருகன் கோயிலில் நடந்தது. எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்று சொல்லும் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் வந்தது 2009இல். அந்த ஆண்டு நவம்பர் 24ஆம் தேதி முதல் நடக்கும் திருமணங்களையே அது கட்டாயப்படுத்துகிறது. அதற்கு முந்தைய திருமணத்தை விரும்பினால் இந்து திருமணச் சட்டப்படி பதிந்திருக்கலாம், உண்மைதான். ஆனால் அதற்குக் கணவனும் மனைவியும் சார்பதிவாளர் முன்னால் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்பா இப்போது எப்படி வருவார்?

பதியாமல் விட்டால் திருமணமே செல்லாது என்று ஒரு சட்டமும் சொல்லவில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், பதிவைப் பற்றிப் பேசும் 8ஆவது பிரிவே, பதிவேட்டில் எழுதாமல் விட்டதால் திருமணத்தின் செல்லுபடி எந்த வகையிலும் பாதிக்கப்படாது என்று தன் கடைசி உட்பிரிவில் சொல்லிவிடுகிறது. எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டபோதும், பதிவுக்குச் சாட்சிய மதிப்பு அதிகம் என்றதே தவிர, அது மட்டுமே திருமணத்தின் செல்லுபடியைத் தீர்மானிக்கும் என்று சொல்லவில்லை. பதிவுச் சான்று ஒரு சாட்சி. நல்ல சாட்சிதான். அது இல்லாத இடத்தில் மற்ற சாட்சிகளைக் கேட்க வேண்டியது விசாரிக்கிறவரின் வேலை. அந்த வேலையைத்தான் என் அம்மாவின் மனுவில் நீங்கள் செய்யவில்லை.

நாங்கள் வெறுங்கையோடு வரவில்லை. கொண்டுவந்தவற்றை நீங்கள் ஒவ்வொன்றாக எப்படித் தள்ளினீர்கள் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கோயில். திருமணத்துக்குக் கட்டணம் கட்டிய ரசீது அப்பாவின் தாய்மாமன் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடைத்தது. மஞ்சளேறிப்போன சிறிய தாள், மேலே அச்சிட்ட எண், கீழே பதினைந்து ரூபாய் என்று ஊதா மையில் எழுத்து. "இதில் உங்கள் அப்பா பெயரும் இல்லை, அம்மா பெயரும் இல்லை. யாரோ ஒருவர் பணம் கட்டியிருக்கிறார், அவ்வளவுதானே" என்றீர்கள். சரியான கேள்விதான். ரசீது, பணம் கட்டியதை மட்டும்தான் காட்டும். தாலி கட்டியதைக் காட்டாது. அதிலும் அந்தக் காலத்தில் கோயிலுக்குப் போய்ப் பணம் கட்டி முகூர்த்தம் பதிவது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர். மாப்பிள்ளையும் பெண்ணும் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்கள்.

அதனால் ரசீதோடு நிறுத்தாமல் கோயில் அலுவலகத்துக்கு நடந்தேன். மூன்றாவது முறை போனபோது, பழைய பாத்திர அறையிலிருந்து 1984ஆம் ஆண்டுத் திருமணப் பதிவேட்டை எடுத்துவந்து தூசி தட்டினார் எழுத்தர். ஓரங்களைக் கரையான் அரித்திருந்தது. வரிசை எண், தேதி, மணமகன் பெயர், அவர் தகப்பனார் பெயர், ஊர், மணமகள் பெயர், அவர் தகப்பனார் பெயர், ஊர் என்று கோடு போட்ட பத்திகள். அப்பாவின் பெயர் தெளிவாக இருந்தது. அம்மாவை வீட்டில் கூப்பிடும் பெயரில் எழுதியிருந்தார்கள். கடைசிப் பத்தியில் ரசீது எண். நான் பையிலிருந்து அந்தத் தகரப் பெட்டி ரசீதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டு எண்ணும் ஒன்று.

இரண்டு வெவ்வேறு இடங்களில், இரண்டு வெவ்வேறு கைகளில், நாற்பது ஆண்டுகளாக ஒன்றையொன்று பார்க்காமல் கிடந்த இரண்டு தாள்கள் அங்கே பொருந்தின. இதைவிட நம்பத்தக்க சாட்சியத்தை ஒரு சாதாரணக் குடும்பம் எங்கிருந்து கொண்டுவரும்? முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆவணம், அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தால், அதிலுள்ள கையெழுத்தும் எழுத்தும் உரியவருடையவை என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. கோயில் பதிவேடு இருக்க வேண்டிய இடம் கோயில். பணம் கட்டியவரின் ரசீது இருக்க வேண்டிய இடம் அவருடைய பெட்டி.

நீங்கள் அந்தப் பக்கத்தின் நகலை ஓரமாக வைத்துவிட்டு, "கோயில் நிர்வாகத்திடம் திருமணம் நடந்ததாக ஒரு கடிதம் வாங்கி வாருங்கள்" என்றீர்கள். இது எனக்குப் புரியவே இல்லை. இன்றைக்குக் கோயிலில் வேலை பார்க்கும் யாரும் 1984இல் அங்கே இல்லை. அவர்கள் எழுதும் கடிதம் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுதப்படும். மூலத்தைத் தள்ளிவிட்டு, அதைப் பார்த்து எழுதிய கடிதத்தைக் கேட்கிறீர்கள். பதிவேட்டைப் பார்க்காமலே தெரிந்தவருக்காகக் கடிதம் எழுதிக்கொடுக்கிற ஆட்களும் இருக்கக்கூடும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பதிவேட்டில் பின்னால் ஒரு வரியைச் செருகியிருப்பார்களோ என்ற சந்தேகம் வந்தால், அதைத் தீர்க்க வழியிருக்கிறது. முந்தைய பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். வரிசை எண் விடுபடாமல் வருகிறதா, தேதிகள் முன்னும் பின்னும் ஒழுங்காக இருக்கின்றனவா, அந்த வரிக்கு மட்டும் மை புதிதாக இருக்கிறதா, இரண்டு வரிகளுக்கு நடுவில் நெருக்கி எழுதியிருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அன்றைய வரவுக் கணக்கில் அதே ரசீது எண்ணுக்கு அதே பதினைந்து ரூபாய் வரவாகியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். கோயில் உங்கள் அலுவலகத்திலிருந்து பத்து நிமிடத் தொலைவில்தான் இருக்கிறது.

அடுத்தது புகைப்படம். எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது இரண்டே படங்கள். ஒன்று தாலி கட்டும் நேரத்தில் எடுத்தது. அப்பாவின் முதுகுதான் தெரிகிறது, அம்மா குனிந்திருக்கிறார். முகம் தெரியாத அந்தப் படத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது, கோயில் மண்டபத்தில் மாலையோடு இருவரும் நிற்க, இரண்டு பக்கத்துக் குடும்பமும் சூழ நிற்கும் படம். "இது எப்போது எடுத்தது என்று எப்படித் தெரியும்? நெகட்டிவ் இருக்கிறதா?" என்று கேட்டீர்கள். படம் எடுத்தவர் இறந்து பல ஆண்டுகளாகிவிட்டன. அவருடைய ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது வேறு கட்டடம்.

நெகட்டிவ் இல்லாவிட்டாலும் அந்தப் படமே தன் காலத்தைச் சொல்கிறது, பார்க்கப் பொறுமையிருந்தால். அப்பாவுக்கு வலப்பக்கம் தலைப்பாகையோடு நிற்பவர் என் தாத்தா, அப்பாவின் அப்பா. அவர் 1986 மார்ச்சில் இறந்தார். அவருடைய இறப்புச் சான்று பேரூராட்சியில் பதிவாகியிருக்கிறது, அதன் நகலையும் மனுவோடு வைத்திருந்தேன். ஆகவே அந்தப் படம் 1986 மார்ச்சுக்குப் பிறகு எடுத்ததாக இருக்க முடியாது. நான் பிறந்தது 1986 ஜூனில். அம்மாவின் இடுப்பில் சாய்ந்து நிற்கும் பாவாடைச் சிறுமி என் சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை. அவருடைய பள்ளி மாற்றுச் சான்றிதழில் பிறந்த ஆண்டு 1975. படத்தில் இருக்கும் பெண்ணுக்கு எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. இந்தக் கணக்கை அலுவலகத்தில் உங்கள் முன்னால் சொல்லத் தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

புகைப்படத்தை மட்டும் நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாலையோடு நிற்கும் படம் அறுபதாம் கல்யாணத்திலும் எடுப்பார்கள், நிச்சயதார்த்தத்திலும் எடுப்பார்கள். படம் தனியாக நின்றால் பலவீனம்தான். ஆனால் படத்தில் யார் நிற்கிறார்கள், அவர்களில் யார் எப்போது இறந்தார்கள், யார் எப்போது பிறந்தார்கள் என்று மற்ற ஆவணங்களோடு சேர்த்துப் பார்க்கும்போது அது தேதியிட்ட தாளாகிவிடுகிறது.

மூன்றாவதாக நான் கொண்டுவந்ததை நீங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. அது மொய் நோட்டு. நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறது. மேலே பிள்ளையார் சுழி, அப்பா பெயர், அம்மா பெயர், தேதி, கோயில் பெயர். அதற்குக் கீழே ஊர்வாரியாக நூற்றுச் சொச்சம் பெயர்கள். ஐந்து ரூபாய், பதினொரு ரூபாய், தாய்மாமன் வரிசையில் நூற்றொரு ரூபாய், ஒருவர் ஒரு குத்துவிளக்கு. என்னை அதில் நிறுத்தியது பெயர்கள் அல்ல, பெயர்களுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய குறிகள். அந்தந்த வீட்டில் விசேஷம் வந்தபோது அம்மா மொய்யைத் திருப்பிச் செய்துவிட்டு, பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டு ஆண்டை எழுதியிருக்கிறார். 1985, 1988, 1991, 1997. சில நீல மை, சில கறுப்பு, ஒன்று பென்சில், ஒன்று என் பள்ளிக்கூடத்துச் சிவப்புப் பேனா. சில பெயர்களுக்கு எதிரே கோடு இல்லை. அந்த வீடுகளில் பிறகு விசேஷமே வரவில்லை.

இது கடைக் கணக்கோ வங்கிக் கணக்கோ அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த இப்படியொரு கணக்கை வாரிசுச் சான்றுக்காக யார் உட்கார்ந்து தயாரிப்பார்கள்? அதோடு, அந்த நோட்டுதான் சாட்சிகளின் பட்டியல். அன்று கோயிலுக்கு யார் யார் வந்தார்கள் என்று வேறெங்கும் எழுதியில்லை. அதிலிருந்துதான் இன்னும் உயிரோடு இருக்கும் ஏழு பேரைக் கண்டுபிடித்தேன்.

அந்த ஏழு பேரில் நடமாட முடிந்த மூன்று பேரை உங்கள் அலுவலகத்துக்கு அழைத்துவந்தோம். அம்மாவின் தங்கை, அப்பாவின் சித்தப்பா மகன், அன்று நாதஸ்வரம் வாசித்த பெரியவர். அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டீர்கள். சித்தி ஆறு மணி என்றார். பெரியப்பா ஏழரை என்றார். "சாட்சிகள் முரண்படுகிறார்கள்" என்று எழுதிக்கொண்டீர்கள். நாதஸ்வரக்காரரிடம் நேரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் கேட்காமலே சொன்னார்: "நேரம் ஞாபகம் இல்லை அய்யா. மழை வந்துவிட்டது. கெட்டிமேளம் கொட்டும்போது மேளத்துத் தோல் நனைந்து சத்தம் அமுங்கிப்போனது. மாப்பிள்ளையின் அப்பா கூடுதலாகப் பத்து ரூபாய் கொடுத்தார்." அதை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த ஒன்றின் நேரத்தில் இரண்டு பேர் மாறிச் சொன்னால், அவர்கள் பேசிவைத்துக்கொண்டு வரவில்லை என்று அர்த்தம். எது மாறக்கூடாதோ அது மாறவில்லை. யாருக்கு யார் தாலி கட்டினார்கள், எந்தக் கோயில், அம்மாவின் அப்பா அன்று இல்லாததால் தாரைவார்த்துக் கொடுத்தது யார் என்பதில் மூவரும் ஒரே பதில் சொன்னார்கள். பிறகு நீங்கள் எங்களிடம் கேட்டது, நோட்டரி முன்னிலையில் இரண்டு பேரின் உறுதிமொழிப் பத்திரம். வெளியே தட்டச்சுக் கடையில் அதற்கு மாதிரி தயாராக இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், இரண்டு பேருக்கும் கமா முதற்கொண்டு ஒரே வாசகம். நேரில் வந்து தன் வாயால் சொன்ன முதியவரை விட்டுவிட்டு, அந்த அச்சடித்த வாசகத்தை நம்பத் தயாராக இருக்கிறீர்கள்.

"தாலி கட்டியதைக் கண்ணால் பார்த்தவர்" வேண்டும் என்ற நிபந்தனையும் எல்லா வழக்குக்கும் பொருந்தாது. இருவர் கணவன் மனைவியா என்ற கேள்வியில், குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தோ வேறு வகையிலோ அவர்களை நெருங்கி அறிந்த ஒருவர் அவர்களை எப்படி நடத்தினார் என்பதே சாட்சியம் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 50ஆவது பிரிவு சொன்னது. புதிய சட்டத்தில் அது 44ஆவது பிரிவு. அத்தை தன் மகள் கல்யாணத்தில் அம்மாவைத் தாய்மாமன் மனைவியாக நிற்கவைத்துச் சீர் வாங்கியது சாட்சியம். அதே பிரிவு ஒரு விலக்கையும் வைக்கிறது. கிறிஸ்தவர்களுக்கான மணவிலக்குச் சட்டத்தின்படி நடக்கும் வழக்கிலும், முதல் மனைவி இருக்க இரண்டாம் திருமணம் செய்ததாக ஒருவரைத் தண்டிக்கும் வழக்கிலும் இந்த வகைச் சாட்சியம் மட்டும் போதாது. தண்டிக்கும் வழக்கில் சடங்கு முறைப்படி நடந்ததா என்பதையே நிரூபிக்க வேண்டும், ஏனென்றால் ஒருவர் சிறைக்குப் போக நேரும். நீங்கள் என் அம்மாவிடம் கேட்டது அந்த அளவுகோல். குற்றவாளியைத் தண்டிக்கத் தேவைப்படும் நிரூபணத்தை, எவரும் மறுக்காத ஒரு விதவையிடம் கேட்டீர்கள். இதுதான் இந்த மடலின் மைய முறையீடு. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

இருவர் நீண்ட காலம் கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்தால் அவர்கள் மணமானவர்கள் என்றே சட்டம் அனுமானிக்கும். 1978இல் பத்ரி பிரசாத் வழக்கில், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த தம்பதியைப் பற்றி நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு மிகச் சிறியது. அரை நூற்றாண்டு கழித்துக் கண்ணால் கண்ட சாட்சியை வைத்துத் திருமணத்தை நிரூபிக்கச் சொன்னால் வெகு சிலரே வெல்வார்கள் என்று அதில் சொல்லியிருக்கிறார். இது மறுக்கக்கூடிய அனுமானம்தான். ஆனால் மறுக்கும் பாரம், இல்லை என்று சொல்கிறவர் மேல் இருக்கிறது. எங்கள் வழக்கில் இல்லை என்று யார் சொன்னார்கள்? அப்பாவின் தம்பி நேரில் வந்து "இவர் என் அண்ணி" என்று எழுதிக் கையெழுத்திட்டார். கிராம நிர்வாக அலுவலர் தெருவில் விசாரித்தபோது ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், அப்பா 1990இல் எடுத்த காப்பீட்டில் நியமனதாரர் பெயருக்கு எதிரே "மனைவி" என்று அவரே எழுதியது, எல்லாம் மனுவில் இருந்தன. இவை தகராறு எதுவும் இல்லாத காலத்தில், பொய் சொல்லக் காரணமே இல்லாதபோது எழுதப்பட்டவை. "இதெல்லாம் சேர்ந்து வாழ்ந்ததைத்தான் காட்டும்" என்றீர்கள். ஆமாம், அந்த அனுமானம் எழுவது அதிலிருந்துதான்.

உங்கள் தரப்புக் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒருவர் இறந்த பிறகு இரண்டு பெண்கள் மனைவி என்று வந்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உயிரோடிருக்கும் முதல் மனைவியை மறைத்து இரண்டாவது குடும்பத்துக்குச் சான்று வாங்கிப்போக, பிறகு விசாரணைக்கு நீங்கள் பதில் சொல்லியிருப்பீர்கள். அத்தகைய இடத்தில் சேர்ந்து வாழ்ந்த காலத்தைக் காட்டி முந்தைய திருமணத்தை அழித்துவிட முடியாது. ஆட்சேபம் வந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லுங்கள், அதுவே சரி. ஆனால் ஆட்சேபமே இல்லாத மனுவையும் ஆட்சேபம் உள்ள மனுவைப் போல நடத்தினால், 1970களிலும் 80களிலும் கோயிலிலும் வீட்டுவாசலிலும் சுயமரியாதை மேடையிலும் மணந்துகொண்ட பெண்களில் எத்தனை பேர் முதுமையில் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும்? சுயமரியாதைத் திருமணத்துக்குக் கோயில் பதிவேடும் இருக்காது. மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ உறவினர், நண்பர்கள் முன்னிலையில் செய்யும் அத்தகைய திருமணத்தைச் செல்லும் என்று 1967இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. அந்தப் பெண்களுக்குச் சாட்சிகளும் இரண்டு படங்களும்தான் மிச்சம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

2009 நவம்பர் 24க்கு முன் நடந்த திருமணங்களில், பதிவுச் சான்று இல்லை என்ற ஒரே காரணத்தால் வாரிசுச் சான்று மனுவை நிராகரிக்காதீர்கள். மனைவியின் பெயரை விட்டுவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று யாரிடமும் இனிச் சொல்லாதீர்கள்.

ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு ஒட்டுங்கள். கெடு முடிந்தும் யாரும் வராவிட்டால், இறப்புக்கு முன் உண்டான ஆவணங்களையும் அக்கம்பக்கத்து விசாரணையையும் வைத்து முடிவெடுங்கள். வந்தால், அந்த ஆட்சேபத்தின் நகலை மனுதாரருக்குக் கொடுங்கள்.

சாட்சிகள் நேரில் வரும்போது அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி, படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். மாடி ஏற முடியாதவர்களைக் கீழே வந்து விசாரியுங்கள்.

கோயில் பதிவேட்டைப் பொறுத்தவரை, இன்றைய கடிதத்தைக் கேட்காமல் மூலப் பக்கத்தை முன்பக்கம் பின்பக்கத்தோடு பார்வையிடுங்கள். கோயில்களை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கும் இதே மடலின் வழியே ஒரு வேண்டுகோள்: பழைய திருமணப் பதிவேடுகளைப் பாத்திர அறையிலிருந்து எடுத்துப் படம்பிடித்து வையுங்கள். எங்கள் பக்கத்தைத் தின்னக் கரையானுக்கு இன்னும் இரண்டு விரல்கடை தூரம்தான் பாக்கி.

நிராகரிப்பதாக இருந்தால், கொடுத்த ஒவ்வொரு ஆவணத்தையும் ஏன் ஏற்கவில்லை என்று எழுதுங்கள். மேல்முறையீடு செய்கிறவருக்கு எதை எதிர்த்து வாதாடுவது என்றாவது தெரிய வேண்டும்.

என் அம்மாவின் மனுவை மறுபடி எடுத்து, நான் மேலே சொன்ன பதிவேட்டையும் ரசீதையும் நோட்டையும் நேரில் பார்த்து, முப்பது நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தாருங்கள்.

கடைசியாக, மனுவோடு கொடுத்த அசல் புகைப்படம் இன்னும் உங்கள் கோப்பில் இருக்கிறது. நகல் போதும் என்று யாரும் சொல்லாததால் அசலைக் கொடுத்துவிட்டேன். போன வாரம் கோப்பைத் திறந்தபோது பார்த்தேன், ஸ்டேப்ளர் பின் தாத்தாவின் தலைப்பாகையைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. அம்மா தினமும் அந்தப் படத்தைக் கேட்கிறார். பின்னை நிதானமாகப் பிரித்து, அந்தப் படத்தை எங்களிடம் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மனுதாரரின் மகள்